தங்கிலீஷை வாசிப்பது எப்படி?

(மொழிபெயர்ப்புத் துறை மாணவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கைப்பேசி அரட்டையில் ஆங்கில எழுத்தில் தட்டப்படும் தமிழைத் தங்கிலீஷ் என்கிறோம். அதை எப்படிப் பிழையில்லாமல் வாசிப்பது, வாசித்ததை எப்படி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நண்பர்களுக்குள் பேசிக்கொள்ளும்போது இது ஒரு சிக்கலே அல்ல. எழுதியவரின் குரல் நம் காதில் இருக்கிறது. என்ன நடந்தது என்பதும் தெரியும். புரியாவிட்டால் உடனே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் அதே அரட்டை ஒரு வழக்கில் சான்றாகப் போகும்போதும், வெளிநாட்டுக் குடியேற்ற விண்ணப்பத்தோடு இணைக்கப்படும்போதும் மொழிபெயர்ப்பாளரிடம் வருவது வெறும் எழுத்துகள் மட்டுமே. மின்னணுப் பதிவைச் சான்றாகக் கொடுக்க இந்தியாவில் ஒரு சான்றிதழ் தேவை. முன்பு 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு அதைக் கேட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கேட்கிறது. ஒரு பதிவு எந்தக் கருவியிலிருந்து, எப்படி எடுக்கப்பட்டது என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லும். அந்தப் பதிவில் உள்ள `poi` என்ற மூன்று எழுத்து ‘போய்’ என்பதா ‘பொய்’ என்பதா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் மொழிபெயர்ப்பாளர். அந்த இடத்தில் அவர் கவனமாக இல்லையென்றால், ‘போய்ச் சொன்னான்’ என்பது ‘பொய் சொன்னான்’ ஆகிவிடும். ஒரு சாதாரண செயல் ஒரு குற்றச்சாட்டாக மாறிவிடும்.

முதலில், மக்கள் ஏன் இப்படி எழுதத் தொடங்கினார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறுஞ்செய்தி வந்த காலத்தில் பல கைப்பேசிகளில் தமிழ் எழுத்துருவே கிடையாது. இருந்தாலும் செலவு கூடியது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்து போகும். தமிழில் எழுதினால் 70 குறியீடுதான் போகும். ‘வணக்கம்’ என்ற சொல்லில் புள்ளிகளையும் சேர்த்தால் 7 குறியீடு. எனவே ஆங்கில எழுத்து மலிவாக இருந்தது. இன்று அந்தத் தடை எதுவும் இல்லை. ஆனாலும் வாக்கியத்துக்கு இரண்டு ஆங்கிலச் சொல் கலந்து பேசுகிறவருக்கு விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்டுவது தொல்லை. கையில் ஊறிய பழக்கம் நிலைத்துவிட்டது.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவது புதிய முயற்சியும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி புள்ளி, கோடு போன்ற குறிகள் இட்ட எழுத்துகளால் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரு தனிக் குறி கொடுத்தது. கணினியில் தமிழ் தட்டுவதற்கு வந்த ஒலிபெயர்ப்பு முறைகள் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தி ளகரத்தையும் லகரத்தையும் பிரித்தன. இந்த முறைகளில் எழுதியதை அப்படியே தமிழ் எழுத்துக்குத் திருப்பிவிடலாம். அரட்டையில் தட்டுவது அப்படிப்பட்ட முறை அல்ல. அங்கே ஒரு பெரிய எழுத்து வந்தால், வாக்கியத்தின் தொடக்கம் என்று கைப்பேசி தானாகப் போட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதை வைத்து ணகரம் என்று முடிவுகட்டக் கூடாது.

சரி, எழுத்து மாறும்போது எவையெல்லாம் தொலைகின்றன? முதலில் குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடுகின்றன. அடுத்து, ல, ள, ழ மூன்றும் `l` என்ற ஒரே எழுத்தில் அடங்குகின்றன. ந, ன, ண மூன்றும் `n` ஆகின்றன. ர, ற இரண்டும் `r` ஆகின்றன. பலர் இரட்டிக்கும் மெய்யை ஒற்றையாக எழுதுகிறார்கள். இதனால் `palam` என்பது பழமாகவும் இருக்கலாம், பாலமாகவும் பலமாகவும் பள்ளமாகவும் இருக்கலாம். `kalai` என்பது காலை, கலை, களை, காளை என்று நான்கு வழியில் விரியும். `kadai` பெரும்பாலும் கடை. ஆனால் தகரத்துக்கு `d` போடும் பழக்கம் உள்ளவர் கையில் அது கதை.

இந்தச் சொற்குழப்பம் பார்க்கப் பெரிதாகத் தெரிந்தாலும் நம்மைப் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. ‘palam vangitu vaa’ என்று மனைவி எழுதினால் பாலத்தை வாங்கிவரச் சொல்கிறாள் என்று யாரும் நினைக்கப் போவதில்லை. பெயர்ச்சொல் தவறாகப் படிக்கப்பட்டால் வாக்கியமே பொருளற்றுப் போகும், உடனே கண்டுபிடித்துவிடுவோம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு வாசிப்பும் பொருள் தரும் இடம்தான் ஆபத்தான இடம். அது பெரும்பாலும் வினைச்சொல்லின் கடைசியில் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக `vantha` என்ற சொல்லைப் பாருங்கள். எழுத்துத் தமிழில் வந்த, வந்தாய், வந்தாள், வந்தால் என்று நான்கு சொற்கள் தனித்தனியாக நிற்கின்றன. பேச்சில் கடைசி மெய் உதிர்கிறது. ‘வந்தாள்’ என்பதும் ‘வந்தால்’ என்பதும் ‘வந்தா’ ஆகின்றன. ‘நீ வந்தாய்’ என்பது ‘நீ வந்த’ ஆகிறது. ஆக பேச்சிலேயே நான்கு இரண்டாகிவிட்டது. ஆங்கில எழுத்தில் தட்டும்போது நெடிலும் போய், எல்லாம் `vantha` என்ற ஒன்றே ஆகிறது. இப்போது `ava vantha` என்றால் ‘அவள் வந்துவிட்டாள்’ என்ற நடந்த செய்தியா, ‘அவள் வந்தால்’ என்ற நிபந்தனையா? இரண்டுமே ஒழுங்கான தமிழ்.

ஆகவே ஒன்றை நினைவில் வையுங்கள். தங்கிலீஷில் ஒரு சொல் இரண்டு கட்டங்களில் இழப்பைச் சந்திக்கிறது. எழுத்துத் தமிழ் பேச்சாகும்போது ஒரு முறை. பேச்சு ஆங்கில எழுத்தாகும்போது இன்னொரு முறை. திரும்பி வரும்போதும் அந்த இரண்டு கட்டங்களிலும் தனித்தனியாக நின்று வர வேண்டும். முதலில் ஆங்கில எழுத்திலிருந்து பேச்சுத் தமிழுக்கு. அதற்குப் பிறகுதான் பொருளுக்கு. நேராக ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் தாவுகிறவர், தான் எந்த இடத்தில் ஊகித்தார் என்பதைத் தானே அறியாமல் போகிறார்.

இதைவிடக் கூர்மையான ஆபத்து எதிர்மறையில் இருக்கிறது. `venum` என்றால் வேணும். `venam` என்றால் வேணாம். ஒரே ஒரு உயிரெழுத்துதான் வேறுபாடு. விசைப்பலகையில் விரல் தவறினாலும், கைப்பேசியின் தானியங்கித் திருத்தம் குறுக்கிட்டாலும் ‘வேண்டும்’ என்பது ‘வேண்டாம்’ ஆகிவிடும். இன்னும் சிலர் கடைசி மகரத்தையும் விட்டு `vena` என்று எழுதுவார்கள். ‘enaku vena’ என்றால் எனக்கு வேண்டாம். ‘vena nee vaa’ என்றால் வேண்டுமானால் நீ வா. ஒன்று மறுப்பு, மற்றொன்று இசைவு.

`varala` இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது. ‘வரல’ என்பதற்குப் பேச்சில் காலம் கிடையாது, ஆள் கிடையாது, பால் கிடையாது. ‘நேத்து வரல’ என்றால் இறந்தகாலம். ‘நாளைக்கு நான் வரல’ என்றால் எதிர்காலத்தைப் பற்றிய மறுப்பு. வராதது நானா, நீயா, அவனா, அவளா, மழையா என்பதை அந்தச் சொல் சொல்வதே இல்லை. இதோடு ‘வரலாம்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சில் அதன் கடைசி மகரம் மூக்கொலியாகத் தேய்கிறது. காதில் கேட்டபடி எழுதுகிறவர் அதையும் `varala` என்று எழுதிவிடலாம். அப்போது ‘naliku varala’ என்பது ‘நாளைக்கு வரமாட்டேன்’ என்றும் படும், ‘நாளைக்கு வரலாம்’ என்றும் படும். நேர் எதிரான இரண்டு பொருள்.

`la` என்ற அந்த ஈற்றுக்கு மூன்று வேலைகள் இருக்கின்றன. `veetla` என்றால் வீட்டில் என்ற இடப்பொருள். `varala` என்றால் எதிர்மறை. `nalla irukula` என்றால் ‘நல்லா இருக்குல்ல?’ என்று ஆமோதிப்பைக் கேட்பது. கடைசியதை எதிர்மறையாக எடுத்து ‘நன்றாக இல்லை’ என்று மொழிபெயர்த்தால், ஒருவர் பாராட்டியதை நாம் பழித்ததாக எழுதிவிடுவோம்.

இத்தனை குழப்பத்துக்கு நடுவில் எதைப் பிடித்துக்கொள்வது? நான் உங்களுக்குச் சொல்ல வந்த முதன்மையான செய்தி இதுதான். தங்கிலீஷுக்குப் பொதுவான எழுத்துமுறை கிடையாது; ஆனால் ஒவ்வொருவருக்கும் ஓர் எழுத்துமுறை உண்டு. ஊரே விதவிதமாக எழுதினாலும், ஒருவர் பெரும்பாலும் தன் வழியிலேயே எழுதுகிறார். ஆகவே ஐயமான சொல்லை அகராதியில் தேடுவதற்கு முன், அதே மனிதர் எழுதிய மற்றச் செய்திகளில் தேடுங்கள்.

இதற்கு ஒரு பட்டியல் போட வேண்டும். ஒருவருடைய செய்திகளில் பொருள் ஐயமே இல்லாத சொற்களை முதலில் பொறுக்கி எடுங்கள். ‘வீட்டுக்கு’, ‘சாப்பிட்டியா’, ‘நாளைக்கு’, ‘போறேன்’, ‘இருக்கு’, ‘அப்புறம்’ போன்றவை எல்லார் அரட்டையிலும் வரும். அவர் அவற்றை எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள். ‘வீட்டுக்கு’ என்பதை `veetuku` என்கிறாரா, `vituku` என்கிறாரா? முதல் வகை எழுத்தென்றால் ஈகாரத்தை இரட்டிக்கிறார் என்று தெரிகிறது. ஆகாரத்துக்கு `aa` போடுகிறாரா? தகரத்துக்கு `th`, `dh`, `t`, `d` இவற்றில் எது? `irukku` என்று வல்லெழுத்தை இரட்டிக்கிறாரா, `iruku` என்று விடுகிறாரா? ழகரத்தை `zh` என்கிறாரா, `l` என்கிறாரா? ‘வரலாம்’, ‘போலாம்’ என்ற சொற்களின் கடைசி மகரத்தை எழுதுகிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்தால் `varala` என்ற சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஐயத்துக்கு இடமில்லாத இடங்களில் எல்லாம் `varalam`, `polam` என்று மகரத்தோடு எழுதுகிறவர், இந்த ஓரிடத்தில் மட்டும் அதை விட்டிருப்பார் என்று எண்ணக் காரணம் இல்லை.

ஓகாரத்தில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஆங்கிலப் பள்ளிப் பழக்கத்தில் `oo` என்பது ஊகாரம். `oor` என்றால் ஊர். ஆனால் நெடிலைக் காட்ட ஒகரத்தை இரட்டிக்கிறவர் `pooren` என்று எழுதி ‘போறேன்’ என்கிறார். `poo` என்பது பூவா, போவா என்பதை அவரவர் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பட்டியலுக்கும் எல்லை உண்டு. அவசரத்தில் எழுதும்போது உயிரெழுத்துகள் உதிரும். ‘அப்புறம்’ என்பதை `aprm` என்று எழுதி முடித்துவிடுவார்கள். புதிய கைப்பேசி வாங்கினால் அதன் திருத்தப் பழக்கம் மாறும். ஒரே எண்ணிலிருந்து கணவனும் மனைவியும் எழுதும் வீடுகள் உண்டு. ஒருவருடைய எழுத்துப் பழக்கம் திடீரென்று முழுமையாக மாறினால் அதைக் குறித்து வையுங்கள். ஆனால் எழுதியவர் வேறு ஆள் என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதாதீர்கள். அது நம் வேலை அல்ல.

பட்டியலோடு சேர்த்து எழுதியவரின் ஊரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோவைப் பக்கத்துக்காரர் `enra veetla` என்று எழுதினால், அந்த `enra` எழுத்துத் தமிழின் ‘என்ற’ அல்ல. ‘என்னுடைய’ என்று பொருள். யாழ்ப்பாணத்தவர் `nan nethu vanthanan` என்று எழுதினால் அது ‘நான் நேற்று வந்தனான்’, அதாவது ‘நான் வந்தேன்’. சென்னைக்காரர் கண்ணுக்கு அது ‘வந்தான்’ என்பதன் எழுத்துப் பிழைபோலத் தெரியும். தன்மையில் சொன்னது படர்க்கையாகிவிடும். அதே ஊர்க்காரர் `om` என்றால் ஆமாம் என்று பொருள். `kathaikiren` என்றால் பேசுகிறேன் என்று பொருள். உங்களுக்குப் பழக்கமில்லாத வட்டாரம் என்றால் அந்த வட்டாரத்தவர் ஒருவரின் உதவி இல்லாமல் கையெழுத்திடாதீர்கள்.

இனி ஓர் அரட்டையை எடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்துப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நானே அமைத்தது. முதலாமவர் அக்காள், இரண்டாமவர் தம்பி. அம்மாவுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் பேச்சு.

```
அக்காள்: amma kitta kasu kuduthiya
தம்பி:   kuduthen. ana avan poi sonnan
அக்காள்: enna sonnan
தம்பி:   nan kudukala nu
அக்காள்: apo ava vantha kelu
தம்பி:   ava vantha. ketten. avalum theriyathu nu solita
அக்காள்: en amma kitta ketkala
தம்பி:   ketta aluvanga. venam
```

முதல் வரியில் சிக்கல் இல்லை. ‘அம்மாகிட்ட காசு குடுத்தியா’. வினைமுற்றிலேயே ‘நீ’ இருக்கிறது. கேள்விக்குறி இல்லாவிட்டாலும் ஆகாரம் கேள்வியைச் சொல்கிறது.

இரண்டாவது வரியில் `ana` என்பது ‘ஆனா’. அடுத்து நம்முடைய `poi`. ‘ஆனா அவன் போய் சொன்னான்’ என்றும் வாசிக்கலாம், ‘ஆனா அவன் பொய் சொன்னான்’ என்றும் வாசிக்கலாம். உரையாடலின் போக்கு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஆகவே இந்த எட்டு வரியை விட்டு வெளியே போக வேண்டும். தம்பியின் மற்றச் செய்திகளைத் தேடுகிறோம். அவற்றில் `kadaiku poyi vangunen` என்று ஓரிடத்திலும், `bankuku poyi ketten` என்று இன்னோரிடத்திலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது ‘போய்’ என்பதை இவர் `poyi` என்று எழுதுகிறார். வேறொரு நாளில் `poi pesatha` என்று எழுதியிருக்கிறார். அது ‘பொய் பேசாத’ என்பது தெளிவு. இரண்டு தடயங்களும் ஒரே பக்கம் காட்டுகின்றன. இங்கே ‘பொய்’ என்றே எடுக்கலாம். தடயம் எங்கே கிடைத்தது என்பதைக் குறிப்பில் எழுதிவிட வேண்டும்.

நான்காவது வரி, ‘நான் குடுக்கலன்னு’. முன்பே பார்த்தோம், ‘குடுக்கல’ என்ற சொல்லுக்கு ஆள் இல்லை. ‘நான்’ என்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். ‘னு’ என்று முடியும் மேற்கோளில் ‘நான்’ இரண்டு பேரைக் குறிக்கலாம். தம்பி தன்னையே சொல்லியிருக்கலாம்: நான் கொடுக்கவில்லை என்று என்னைப் பற்றி அவன் சொன்னான். அல்லது அந்த மற்றவனின் வாய்ச்சொல்லை அப்படியே எடுத்துச் சொல்லியிருக்கலாம்: ‘நான் கொடுக்கவில்லை’ என்று அவன் தன்னைப் பற்றிச் சொன்னான். கொடுத்ததாகத் தம்பி சொல்லிவிட்ட பிறகு ‘ஆனா’ என்று தொடங்கி அதைப் பொய் என்கிறார். அதனால் முதல் வாசிப்புக்கே பலம் கூடுதல். ஆனால் அந்த மற்றவனும் ஏதோ பங்கு கொடுக்க வேண்டியவனாக இருந்தால் இரண்டாவதும் நடக்கக்கூடியதுதான். அவன் யார் என்பது இந்த உரையாடலில் இல்லை. எழுத்துப் பட்டியலும் இங்கே உதவாது. எழுத்தில் குழப்பமே இல்லை. இந்த இடத்தில் ஒரு வாசிப்பை உடலிலும் மற்றதை அடிக்குறிப்பிலும் கொடுப்பதே நேர்மை. ஆங்கிலத்தில் ‘நான்’ அல்லது ‘அவன்’ என்று ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்ந்ததை மறைக்கக் கூடாது.

ஐந்தாவது வரியிலும் ஆறாவது வரியிலும் `ava vantha` இரண்டு முறை வருகிறது. முதலில் வருவதற்குப் பின்னால் `kelu` என்ற ஏவல் நிற்கிறது. ‘அவ வந்தா கேளு’: நிபந்தனை. இரண்டாவதுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி; அடுத்து ‘கேட்டேன்’ என்ற இறந்தகாலம். ‘அவ வந்தா’: அவள் வந்தாள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு. இங்கே வழிகாட்டியது பின்னால் வந்த வினை. மொழிபெயர்க்கும்போது இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். தமிழில் ‘வந்தால்’ என்பது ‘ஒருவேளை வந்தால்’ என்பதற்கும் ‘வந்ததும்’ என்பதற்கும் பொது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனிச் சொல். அவள் வருவது முன்பே தெரிந்த செய்தியா என்று பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

அதே ஆறாவது வரியில் `avalum` என்பதில் உள்ள ‘உம்’ சிறியதுதான், ஆனால் கனமானது. அவளும் தெரியாது என்றாள் என்றால், வேறு யாரோ முன்பே அப்படிச் சொல்லியிருக்கலாம் என்ற குறிப்பு இருக்கிறது. அதை விட்டுவிட்டால் ஆங்கில வாசகர் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நாம் அழித்துவிடுகிறோம்.

ஏழாவது வரிக்கு வருவோம். `en amma kitta ketkala`. ‘என் அம்மாகிட்ட கேக்கல’ என்றால், என் அம்மாவிடம் கேட்கவில்லை என்ற கூற்று. ‘ஏன் அம்மாகிட்ட கேக்கல’ என்றால், ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி. கேள்விக்குறியும் இல்லை. ஆனால் இருவருக்கும் ஒரே அம்மா. முதல் வரியில் அக்காள் வெறும் `amma` என்றுதான் எழுதினாள். இங்கே மட்டும் ‘என் அம்மா’ என்று பிரித்துச் சொல்லக் காரணம் இல்லை. அதைவிட வலுவான சான்று அடுத்த வரியில் இருக்கிறது. தம்பி காரணம் சொல்கிறார்: ‘கேட்டா அழுவாங்க. வேணாம்’. காரணம் சொல்கிறார் என்றால் அவரிடம் ‘ஏன்’ என்று கேட்கப்பட்டிருக்கிறது. பெறுநர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதுதான் அரட்டையில் நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சாட்சி. ஐயமான வரியைப் பார்த்தவுடன் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கடைசி வரியில் `ketta` என்பது ‘கெட்ட’ ஆகலாம். இங்கே ‘கேட்டா’ என்பது தெளிவு. ‘அழுவாங்க’ என்பது மரியாதைப் பன்மை. அழப்போவது அம்மா ஒருத்திதான். வடிவத்தை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் பலர் அழுவார்கள் என்று எழுதினால் குடும்பத்தில் இல்லாத கூட்டத்தை உண்டாக்கிவிடுவோம். `venam` என்பதை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து, அழுவாள் என்ற காரணத்தோடு பொருந்துகிறது என்று உறுதிசெய்து ‘வேண்டாம்’ என்று எடுக்கிறோம்.

இந்த எட்டு வரியில் மூன்று வகை முடிவைப் பார்த்துவிட்டோம். சிலவற்றை எழுதியவரின் பழக்கம் தீர்த்தது. சிலவற்றை அடுத்த சொல்லோ அடுத்த பதிலோ தீர்த்தது. ஒன்று தீரவே இல்லை. மூன்றாவது வகை எல்லா அரட்டையிலும் இருக்கும். அதை ஒப்புக்கொள்வது மொழிபெயர்ப்பாளரின் குறை அல்ல, கடமை.

எனவே வேலையை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். மூல வரியை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல், தேதி, நேரம், அனுப்பியவர் பெயரோடு முதல் பத்தியில் வையுங்கள். பிழைபோலத் தெரிவதையும் திருத்த வேண்டாம். நீங்கள் பிழை என்று நினைத்தது வட்டார வழக்காக இருக்கலாம். இரண்டாம் பத்தியில் அதைத் தமிழ் எழுத்தில், பேச்சு வடிவிலேயே எழுதுங்கள். ‘வந்தா’ என்பதை ‘வந்தா’ என்றே எழுதுங்கள். எழுத்துத் தமிழுக்கு ஏற்றும் வேலையை அங்கே செய்தால், எடுக்க வேண்டிய முடிவை எண்ணாமலே எடுத்துவிடுவீர்கள். மூன்றாம் பத்தியில் மொழிபெயர்ப்பு. நான்காம் பத்தியில் ஐயமும் அதைத் தீர்த்த காரணமும். முடிந்தால் இரண்டாம் பத்தியை வேறொருவரிடம், உங்கள் வாசிப்பைக் காட்டாமல், தனியாக எழுதச் சொல்லுங்கள். இருவரும் வேறுபடும் இடங்கள்தான் நீங்கள் திரும்பப் பார்க்க வேண்டிய இடங்கள். உங்கள் கண் ஒரு வாசிப்பில் நிலைத்துவிட்ட பிறகு மற்றொன்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதற்குத்தான் இரண்டாவது கண்.

நேரம் குறைவாக இருக்கும்போது இரண்டாம் பத்தியை விட்டுவிட்டு நேரே ஆங்கிலத்தில் எழுதிவிடத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் பார்க்கும் நீதிபதிக்கோ அதிகாரிக்கோ, அங்கே இன்னொரு வாசிப்பு இருந்தது என்பது தெரிய வழியே இல்லை. தமிழ் எழுத்தில் எழுதிய அந்தப் பத்தி இருந்தால், எதிர்த்தரப்பில் தமிழ் தெரிந்த ஒருவராவது அதை வாசித்து, ‘இது போய் அல்ல, பொய்’ என்று சுட்டிக்காட்ட முடியும். அந்த வாய்ப்பைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை.

தங்கிலீஷ் எழுதுகிறவர்களைத் திருத்த நான் வரவில்லை. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அது போதும். அதைக் கையில் வாங்கி இன்னொரு மொழியில் இன்னொருவரிடம் கொடுக்கிற நாம்தான் பொறுப்பு ஏற்கிறோம். ஒரு சொல்லில் ஐயம் வந்தால் எழுதியவரின் மற்றச் செய்திகளைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால், ஐயத்தை ஐயமாகவே எழுதிக் கையெழுத்திடுங்கள்.